பத்தாயிரம் கேட்ட வீடு

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு அப்போது ஏழாயிரம் வாடகை. இரண்டு அறை, சின்ன சமையலறை, மொட்டை மாடியில் பாதி உரிமை. உருக்காலைகளின் புகை அந்தப் பக்கமாகத் திரும்பும் நாட்களில் மாடியில் துணி காயப்போட முடியாது, கறுப்பாகப் படிந்துவிடும். கணவருக்குத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. நான் பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளியில் ஆசிரியை.

வீட்டுக்காரர் முன்பு இதே தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான பொதட்டூர்பேட்டைக்குப் போய்விட்டார். பதினொரு மாத ஒப்பந்தம் முடியப் போகிற சமயத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

“டீச்சர், வர மாசத்துலேர்ந்து பத்தாயிரம் பண்ணிக்கலாம்னு தம்பி சொல்றான்.”

வீடு அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருந்தது. தம்பியை நான் பார்த்ததில்லை.

“ஒரேடியா மூவாயிரம் ஏத்துனா எப்படி சார்?”

“எனக்கும் தெரியுது. நான் சொன்னா கேக்க மாட்டான். குடியிருக்கிறவங்களுக்கு ஏந்துகினு பேசறேன்னுவான். நீங்க ஒரு லெட்டரா எழுதிக் குடுங்க. அக்கம்பக்கத்துல இன்னா வாடகை போவுதுன்னு அதுல போடுங்க. அத வெச்சு நான் பேசறேன்.”

அந்த வார இறுதியில் நான் விசாரிக்கக் கிளம்பினேன். வாடகையை நேரடியாகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் கேட்டதுமே சொன்னார்கள், கூடவே குழாய் ஒழுகுவது, கரண்ட் யூனிட்டுக்கு வீட்டுக்காரர் கூடுதலாக வாங்குவது எல்லாம் சொன்னார்கள். எங்கள் தெருவிலேயே எங்கள் வீட்டைப் போலவே இருந்த ஒன்று ஏழாயிரத்து ஐந்நூறு. ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடி வீடு எட்டாயிரம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் புதிதாகக் கட்டியது, டைல்ஸ் போட்டு, வண்டி நிறுத்த இடமும் நல்ல தண்ணீரும் உள்ளது, ஒன்பதாயிரம். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்கிக்கொண்டிருந்தோம்.

நாலு வீடு தள்ளி ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. அவர் சொன்ன தொகைதான் என்னை நிமிர வைத்தது. எங்கள் வீட்டின் அதே அளவு, ஐயாயிரத்து ஐந்நூறு. பல வருடமாக ஏறவே இல்லையாம்.

கணவரிடம் சொன்னபோது அவருக்கு முகம் மலர்ந்தது. “இத மொதல்ல போடு. வேற எதுவுமே தேவையில்ல.”

சாயங்காலம் அந்தப் பெண் வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“டீச்சர், காலைல நான் சொன்னத எழுதிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“எழுதாதீங்க. எங்க ஓனரும் உங்க ஓனரும் ஒரே கம்பெனில வேலை பார்த்தவங்க. இப்பவும் போன்ல பேசிக்குவாங்க. எங்க ஓனருக்கு இந்த ஊட்டு வாடகையே மறந்து போயிருக்கு. அவரு பையன் அக்கவுண்டுக்குப் போவுது, அவன் துபாய்ல இருக்கான். நானும் ஞாபகப்படுத்தல.”

“பேர் போடாம எழுதினா?”

“நம்ம தெருவுல அஞ்சாயிரத்து ஐந்நூறுன்னு எழுதினா என்னத் தவிர யாரு டீச்சர்?”

சரி, எழுதவில்லை என்றேன். அவர் போனதும் கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, “நம்ம பக்கம் பேசற கணக்கு அது ஒன்னுதான்” என்றார். அவர் சொன்னது தப்பில்லை.

கடிதத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அடுத்த தெருவில் ஒரு வீட்டை ஒரு கான்ட்ராக்டர் எடுத்து, வடமாநிலத் தொழிலாளர் பத்துப் பேரைத் தங்க வைத்திருந்தார். வாடகை பதினாலாயிரம். கணவர் அதைக் குறிப்பிடவே கூடாது என்றார். எனக்கோ தம்பியின் மனதில் பத்தாயிரத்தை விதைத்ததே அந்த வீடாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. தம்பிக்குத் தெரிந்த ஒன்றை நான் விட்டுவிட்டால் மற்றதையும் நம்ப மாட்டார். அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் எங்கள் பள்ளி ஆயாவிடம் கேட்டேன். போன வருடம் ஆர்டர் முடிந்ததும் கான்ட்ராக்டர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். அடுத்த ஆர்டர் வரும்வரை வீடு ஐந்து மாதம் சும்மா கிடந்ததாம்.

வெள்ளைத் தாளில் கையால் எழுதினேன். முதலில் தலா ஒரு வரியில் மூன்று வீடுகள், வசதியோடும் வாடகையோடும். பிறகு இப்படி எழுதினேன்:

‘பத்தாயிரம் என்பது இப்போதைய வாடகையில் நாற்பது சதவீதத்துக்கும் மேலான உயர்வு. நல்ல தண்ணீரும் வண்டி நிறுத்த இடமும் உள்ள புது வீடே ஒன்பதாயிரம்தான். அடுத்த தெருவில் கான்ட்ராக்டருக்கு விட்ட வீடு பதினாலாயிரம் என்பது உண்மை. ஆனால் போன வருடம் அது ஏழு மாதம்தான் வாடகை பெற்றது. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய எட்டாயிரத்து இருநூறு. பத்துப் பேர் புழங்குவதால் வரும் பழுதுச் செலவு தனி. நாங்கள் ஒரு மாதமும் வாடகை தவறியதில்லை. பத்து சதவீதம் உயர்த்தி ஏழாயிரத்து எழுநூறு தருகிறோம். பரிசீலிக்க வேண்டுகிறேன்.’

அதைப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. சில நாட்கள் பதிலே இல்லை. கணவர் வேப்பம்பட்டில் இருக்கும் தன் நண்பரிடம் வீடு விசாரிக்க ஆரம்பித்திருந்தார். அங்கே போனால் அவருக்கு ரயில் மாறி வர வேண்டியிருக்கும், எனக்கு வேலை போய்விடும். இரண்டையும் பேசாமல் வீடுகளின் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு வீட்டுக்காரர் போன் செய்தார். குரலில் சிரிப்பு இருந்தது.

“தம்பி படிச்சிட்டான். கான்ட்ராக்டருக்கு விடறதில்லன்னு முடிவு பண்ணிட்டான். ஆனா டீச்சரே எட்டாயிரத்து இருநூறுன்னு கணக்கு போட்டுக் காட்டிட்டாங்களே, அதையே குடுக்கச் சொல்லுன்னுட்டான்.”

நான் போட்ட கணக்குதான். மறுப்பதற்கு வழியில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். கணவரோ கான்ட்ராக்டர் வீட்டை எழுதாமல் இருந்திருந்தால் ஐந்நூறு மிச்சம் என்றார். பத்தாயிரத்தில் ஆயிரத்து எண்ணூறு மிச்சம் என்பது என் கணக்கு. அதைப் பற்றி நாங்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

புது ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் அடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரே வந்தார். காபி குடித்துவிட்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார்.

“அந்தாண்ட நாலாவது ஊடு என் கூட வேலை பார்த்தவரோடது. லெட்டர்ல அத போடலியே நீங்க. அங்க எவ்ளோ போவுது?”

“தெரியல சார். கேக்கல.”

ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார். பொய் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

“இத்தன ஊட்ல கேட்டீங்க” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றினார்.

கையெழுத்துப் போடும் முன் நான் ஒன்று கேட்டேன். அடுத்த முறை புதுப்பிக்கும்போது உயர்வு ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று. அவர் போனை எடுத்து வெளியே போய்த் தம்பியிடம் பேசினார். அரைமணி நேரம் ஆனது. உள்ளே வந்து, கடைசிப் பக்கத்தில் இருந்த சிறிய இடத்தில் அந்த வரியைத் தன் கையாலேயே எழுதினார். ‘சதவீதம்’ என்பதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு மேலே சேர்த்தார். பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட்டோம்.