காதால் தேர்ந்த படம்

ஸ்ரீராம்புரத்துச் சந்துகளிலிருந்து வருஷா வருஷம் கோயில் டூர் கிளம்பும் பஸ்ஸில் எந்தப் படம் ஓட வேண்டும் என்பதை லட்சுமம்மாதான் முடிவு செய்வாள். யாரும் அவளை நியமிக்கவில்லை. ஒரு வருஷம் டிரைவர் போட்ட பேய்ப் படத்தைப் பார்த்துப் பாதிப் பெண்கள் சாமி கும்பிடும் முன்பே மிரண்டுபோனார்கள். மறு வருஷம் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து, "இதப் போடு, இல்லன்னா டிவிய மூடு" என்றாள் லட்சுமம்மா. அன்றிலிருந்து அது அவள் பொறுப்பு.

பஸ் டிவி என்பதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். டிரைவர் கேபினின் கண்ணாடிக்கு மேலே, ஒரு மூலையில், சின்னதாக ஒன்று தொங்கும். முதல் நான்கு வரிசைக்குப் படம் தெரியும். அதற்குப் பின்னால் இருப்பவர்களுக்கு ஜன்னல் வெளிச்சமும் முன்னால் இருப்பவர்களின் கொண்டையும்தான் தெரியும். ஆனால் சத்தம் மட்டும் தலைக்கு மேலே உள்ள ஸ்பீக்கர் வழியாக எல்லோருக்கும் போகும். ஆகவே பஸ்ஸில் ஓடுகிற படத்தைப் பெரும்பாலோர் கேட்கிறார்கள், பார்ப்பதில்லை. இந்த உண்மையைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் லட்சுமம்மா. இருட்டில் நடக்கிற படம் கூடாது, அந்தத் திரையில் நம் முகம்தான் தெரியும். ஹீரோ வாய்க்குள்ளேயே முனகுகிற படம் கூடாது. வசனம் கணீரென்று இருக்க வேண்டும், அம்மா அம்மாவாகவும் வில்லன் வில்லனாகவும் குரலிலேயே தெரிய வேண்டும், பாட்டு நிறைய இருக்க வேண்டும்.

படத்தைச் சோதிப்பதற்கும் அவளிடம் ஒரு வழி இருந்தது. பீன்யாவில் ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலை. காலையில் சிட்டி பஸ்ஸில் ஒரு கை கம்பியில், ஒரு கை பையில். போனை வெளியே எடுத்தால் எவனாவது பிடுங்கிக்கொண்டு ஓடுவான். அதனால் போன் பைக்குள்ளேயே ஓடும், இயர்போன் மட்டும் காதில் இருக்கும். அந்த இரைச்சலில், கண்டக்டர் கத்தலில், கதை புரிந்துவிட்டதென்றால் அந்தப் படம் பாஸ். இத்தனை வருஷத்தில் அவள் தேர்வு ஒன்றுகூடத் தப்பியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லாமல் என்ன.

ஆனால் இந்த வருஷம் விஷயம் வேறு. பஸ்ஸில் மகா வருகிறாள்.

மகா பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய ஒரே பையன் நாகேஷ் போன வருஷம் பீன்யா மேம்பாலத்துக்குக் கீழே பைக்கோடு லாரியில் மாட்டி இறந்துபோனான். அதற்குப் பிறகு மகா கடைக்குப் போகவில்லை, கல்யாணத்துக்குப் போகவில்லை, வாசலுக்கு வந்தால்கூடத் தலையைத் தூக்குவதில்லை. லட்சுமம்மா நாளெல்லாம் கெஞ்சித்தான் இந்தத் திருச்செந்தூர்ப் பயணத்துக்குச் சம்மதிக்க வைத்திருந்தாள். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நடுவுலயே எறங்கிடுவேன்க்கா, அப்புறம் வெளிய வான்னு என்னக் கூப்பிடக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் பையை எடுத்தாள் மகா.

அதனால் இந்த முறை லட்சுமம்மா வடிகட்டியதையே மறுபடி வடிகட்டினாள். காதில் பைக் உறுமினால் படம் வேண்டாம். பிரேக் கிறீச்சிட்டால் வேண்டாம். ஆம்புலன்ஸ் சத்தம், ஆஸ்பத்திரி மிஷினின் பீப் பீப், ஒப்பாரி, எது கேட்டாலும் அழித்தாள். கடைசியில் ஒரு டீக்கடை அம்மாவும் அவள் பையனும் வருகிற படம் சிக்கியது. ஒரே சிரிப்பு. பாட்டுகள் தேன். அதை முதல் படமாக வைத்தாள்.

தொடர் விடுமுறை. ஊரே ஹோசூர் ரோட்டில் நின்றது. சந்தாபுரா வந்து சேர்வதற்குள் படம் பாதியைத் தாண்டிவிட்டது. பின்னால் உட்கார்ந்தால் மகாவுக்கு வாந்தி வரும் என்பதால் இருவரும் இரண்டாம் வரிசையில், டிவிக்கு நேர் கீழே இருந்தார்கள். டீக்கடை அம்மா பையனைக் கரண்டியால் துரத்தியபோது மகா சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு. முருகா, இது போதும் என்று நினைத்துக்கொண்டாள் லட்சுமம்மா.

அப்போதுதான் அந்தப் பாட்டு தொடங்கியது.

படத்திலேயே நல்ல பாட்டு அது. மெல்லிய தாளம், பெண் குரல், தாலாட்டு மாதிரி. பஸ்ஸின் பின்பாதி முழுக்க அதற்காகவே காத்திருந்தது போல. வீணாதான் முதலில் கை தட்டினாள். கடைசி சீட்டில் இருந்துகொண்டு பஸ்ஸையே ஆட்டி வைப்பவள் அவள். தெரிந்தவர்கள் சேர்ந்து பாட, தெரியாதவர்கள் தாளம் போட்டார்கள்.

திரையில் பையன் ஆணியிலிருந்து சாவியை எடுத்தான். அம்மாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வெளியே வந்தான். பைக்கைத் துடைத்தான்.

லட்சுமம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பைக்கா? இந்தப் படத்தில் பைக் இல்லையே. பாட்டைத் தவிர வேறு எந்தச் சத்தமும் இல்லை. வண்டி ஓடுகிறது, உறுமல் இல்லை. எதிரில் லாரி வருகிறது, ஹார்ன் இல்லை. எவனோ ஒரு டைரக்டர் எல்லாச் சத்தத்தையும் எடுத்துவிட்டு மேலே பாட்டை மட்டும் பரப்பி வைத்திருந்தான். இந்தப் பாட்டுக்குப் பிறகு படத்தில் பையன் குரலே வராது என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அம்மா மட்டும் பேசிக்கொண்டே இருப்பாள். பையன் கோபித்துக்கொண்டு வெளியூர் போய்விட்டான் என்றல்லவா நினைத்திருந்தாள், பாவி.

எழுந்தாள். பிளேயரும் பென்டிரைவும் ரிமோட்டும் எல்லாம் கேபினுக்குள், டிரைவர் ஆம்ப்ரோஸின் காலடியில். கண்ணாடிக் கதவைத் தட்டினாள். முன்னால் ஒரு டெம்போ குறுக்கே நுழைய, ஆம்ப்ரோஸ் ஹார்னில் கையை அழுத்தியபடி திரும்பாமலே, "பாத்ரூமுக்கு அத்திப்பள்ளி தாண்டித்தான்க்கா நிறுத்துவேன்!" என்று கத்தினான்.

"டிவிய நிறுத்துடா!"

அவனுக்குக் கேட்கவில்லை. வீணாவின் கைதட்டலும் நூறு வண்டிகளின் ஹார்னும் சேர்ந்து அவள் குரலை விழுங்கின. திரும்பிப் பார்த்தாள். மகா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோயிருந்தது, அடியில் உயிர் இல்லாமல்.

வேறு வழி தெரியவில்லை. லட்சுமம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு முன் சீட்டின் மேல் ஏறினாள். முந்தானையை விரித்து டிவியை மூடி, அதன் முன்னால் நின்றாள். முதல் நான்கு வரிசையும் அவளையே பார்த்தது. அவர்களுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது, அவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

"கைய எடுக்கா," என்றாள் மகா.

"வேணாம் மகா. நீ அந்தப் பக்கம் பாரு. ஜன்னல்ல பாரு."

"எடுக்கா."

"என் பேச்சக் கேளு. தப்பான படம், நான் தெரியாம..."

"அன்னிக்கும் நீ இப்படித்தான் நின்ன."

மகா குரலை உயர்த்தவில்லை. அத்தனை சத்தத்திலும் லட்சுமம்மாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"என் வீட்டு வாசல்ல, ரெண்டு கையையும் விரிச்சிக்கிட்டு நின்ன. கால்ல சின்ன அடி, கட்டுப் போட்டுக் கூட்டிட்டு வருவாங்கன்ன. டிவிய நிறுத்தின. என் போன வாங்கி வச்சிக்கிட்ட. காபி போட்டுக் குடுத்த. சாயந்தரம் வரைக்கும் நான் அவனுக்குக் கஞ்சி வச்சிக்கிட்டு இருந்தேன்க்கா."

உண்மை. ஆஸ்பத்திரிக்கு ஓடியது லட்சுமம்மாவின் புருஷன் சின்னப்பா. பிழைக்க மாட்டான், மகாவிடம் சொல்லாதே, தாங்க மாட்டாள், கூட்டியும் வராதே என்று போனில் சொன்னது அவன்தான். எல்லோரும் செய்வதைத்தான் லட்சுமம்மாவும் செய்தாள். நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள். இந்த ஒரு வருஷமாக அந்த நல்லதை நெஞ்சில் கல்லாகச் சுமந்துகொண்டு, மகாவுக்கு ரசம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றாள் மகா. "நானா எத்தனையோ தடவ கேக்க வந்து திரும்பிட்டேன். அவனுக்கு நெனவு இருந்துச்சா?"

பாட்டின் கடைசி வரி. பின்னால் விசில்.

லட்சுமம்மாவின் நாக்கில் பொய் ரெடியாக இருந்தது. இல்லம்மா, போற வழியிலேயே போயிட்டான், ஒண்ணும் தெரியாது அவனுக்கு. ஒரு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்த பொய் அது. தன் முந்தானை வழியே வெளிச்சம் அசைவதைப் பார்த்தாள். கை தானாகவே இறங்கியது.

"இருந்துச்சு," என்றாள். "சின்னப்பா பக்கத்துல இருந்தாரு. உன்னத்தான் கேட்டான். அம்மா வரலியா, அம்மா வரலியான்னு கேட்டுக்கிட்டே இருந்தான்."

மகா அடிக்கவில்லை, அழவில்லை. அடித்திருந்தால் லட்சுமம்மாவுக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். மகா மடியிலிருந்த பையை எடுத்துப் பக்கத்துச் சீட்டில் வைத்தாள். பிறகு, "நீ பின்னால போய் உக்காரு," என்றாள்.

"மகா..."

"போக்கா. நான் எறங்க மாட்டேன். பயப்படாத. இதப் பாத்து முடிக்கணும் எனக்கு. போ."

நெரிசலில் பஸ் நின்ற பிறகுதான் கேபின் கதவைத் திறந்தான் ஆம்ப்ரோஸ். "என்னக்கா, டிவிய நிறுத்தவா?"

"ஓடட்டும்," என்றாள் மகா.

லட்சுமம்மா சீட்டிலிருந்து இறங்கினாள். கம்பிக்குக் கம்பி பிடித்துக்கொண்டு, எல்லோருடைய முழங்காலையும் இடித்துக்கொண்டு, பஸ்ஸின் கடைசிவரை போனாள். வீணா நகர்ந்து இடம் கொடுத்தாள். அங்கிருந்து திரை தெரியவில்லை. வரிசையாகத் தலைகள். அதற்கும் அப்பால், முன்னால், ஆடாமல் நிமிர்ந்திருக்கும் மகாவின் தலை. ஸ்பீக்கரில் அந்த டீக்கடை அம்மா பேசிக்கொண்டிருந்தாள். சாப்பிட வாடா, ஆறுது பார், எத்தனை தடவை கூப்பிடுவது. பதில் இல்லை.

"பாட்டு சூப்பர்க்கா!" என்றாள் வீணா, முகமெல்லாம் வேர்த்து. "நீ எடுத்தா எடுத்ததுதான். ஆமா, அந்தப் பையன் ஏன் பதிலே சொல்ல மாட்டேங்கறான்? கோவமா அவனுக்கு?"

லட்சுமம்மா வாயைத் திறந்தாள். அன்றைக்கு அந்த வாசலில் நின்று, மகாவின் கண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை, வேறு யாருக்கோ சொல்வதாக, வேறு எந்தப் பையனையோ பற்றியதாக, அவள் தொண்டையில் இத்தனை நாள் கழித்து வந்து நின்றது.

"பையன் செத்துட்டான் வீணா," என்றாள். சொன்னதும் அவளுக்கு அழுகை வந்தது.