கீழே ஓடும் வரிகள்

என் மகளுக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்து பார்வை போனது. அன்றிலிருந்து அவளுக்காகப் பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் எந்த வண்டி நிற்கிறது, எதிரே வருபவர் யார், அவர் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே நடப்பேன். சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்றில் அவள் இடறி விழுவாள் என்ற பயம் எனக்கு உறக்கத்திலும் உண்டு.

அதனால்தான் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் பாட வீடியோவுக்கு ஆள் தேடியபோது நானே முதலில் கை தூக்கினேன். கல்வராயன் மலையில் ஒரு பள்ளியின் அறிவியல் ஆசிரியர் சோதனைகள் செய்து காட்டுகிறார். தமிழில் சொல்லி, அதையே ஆங்கிலத்திலும் சொல்கிறார். பார்வை இல்லாத பிள்ளைகளுக்காக, அவர் பேசாத இடைவெளிகளில் திரையில் நடப்பதை ஒரு குரல் சொல்ல வேண்டும். காது கேளாத பிள்ளைகளுக்காக, பேச்சும் தேவையான ஒலிகளும் எழுத்தாகக் கீழே ஓட வேண்டும். குரல் வேலை எனக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை வருஷமாக நான் வேறென்ன செய்தேன்?

கூடவே கை தூக்கியவர் நான் வேலை பார்க்கும் பள்ளியின் ஆங்கில டீச்சர். என் வயதுதான். வீட்டில் நன்றாகக் கண் தெரிகிற இரண்டு பிள்ளைகள். குரல் மட்டும் அப்படி ஒரு குரல், தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வள மையத்துச் சிறப்பாசிரியர் ஆளுக்கு ஒரு சோதனையைப் பிரித்துக் கொடுத்தார். எனக்கு முட்டை, அவருக்கு மெழுகுவத்தி. இரண்டையும் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டி, எது நன்றாக இருக்கிறதோ அதைச் செய்தவரே மொத்த வீடியோவுக்கும் எழுதிப் பேசுவது என்று முடிவானது.

நான் ஒரு வாரம் எழுதினேன். தமிழ் வாக்கியம் நீளமாக வந்து ஆசிரியரின் பேச்சின் மேல் ஏறிவிடும். வெட்டுவேன். மறுபடி ஏறும். வேகமாகப் பேசிச் சமாளித்தேன்.

போட்டுக்காட்டிய அன்று என் மகளும் வேறு சில பிள்ளைகளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கரில் என் குரல் வந்தது. "டம்ளரின் அடியில் முட்டை கிடக்கிறது. ஆசிரியர் உப்பைக் கொட்டிக் கலக்குகிறார். உப்பு கரைந்து தண்ணீரின் அடர்த்தி கூடியதால் முட்டை மேலே வந்து மிதக்கிறது." அடுத்த நொடி வீடியோவில் ஆசிரியர் கேட்டார், "ஏன் மிதக்குது? யோசிச்சுச் சொல்லுங்க பாப்போம்."

சிறப்பாசிரியர் வீடியோவை நிறுத்தினார். "இன்னா, யாரும் வாயத் தொறக்க மாட்றீங்க?"

"இன்னாத்த சார் சொல்றது? அதான் எங்கம்மா சொல்லிட்டாங்களே" என்றாள் என் மகள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு மெழுகுவத்தி. "தட்டின் நடுவே எரியும் மெழுகுவத்தி. ஆசிரியர் அதன் மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிறார்." குரல் நின்றது. கொஞ்சம் பொறுத்து, "சுடர் சிறுக்கிறது." மறுபடி அமைதி. "அணைகிறது." அவ்வளவுதான். இவ்வளவு இடத்தைச் சும்மா விட்டுவிட்டாரே என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் "ஏன்?" என்று கேட்டார். என் மகள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"உள்ள காத்து தீந்துபோச்சு சார்! எரியறதுக்குக் காத்து வேணும்ல!"

அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதை வரவழைத்தது இன்னொருத்தியின் குரல். ஆங்கில டீச்சர் என் தோளைத் தொட்டு, "பொண்ணு படு சூட்டிகைங்க டீச்சர்" என்றார். என் மகளைப் பற்றி என்னிடமே சொல்கிறார். தோளை நகர்த்திக்கொண்டேன்.

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது மெதுவாகக் கேட்டேன். "அவங்க சொன்னது உனக்கு அவ்ளோ புடிச்சிதா?"

"ஆமாம்மா. போன வாரம் ஸ்கூல்ல மத்தியானம் சாப்புட்டுக்கினு இருக்கும்போது வந்து என்னக் கேட்டாங்க. எதச் சொல்லணும், எதச் சொல்லக் கூடாதுன்னு. நான்தான் சொன்னேன், கண்ணுக்குத் தெரியறத மட்டும் சொல்லுங்க, மீதிய நானே யோசிக்கிறேன்னு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்க கேட்டம்மா? நீ பேசிக்கினே இருப்ப. யோசிக்கவே வுட மாட்ட."

சண்டை போடுகிற தொனியே இல்லை. ஜன்னல் கம்பியில் தாடையை வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள். அது நடந்து மாதங்கள் ஆகின்றன. இன்னும் எனக்கு அந்தப் பஸ்ஸை விட்டு இறங்கிய மாதிரி இல்லை. என் வீட்டுக் கதவை என்னிடம் கேட்காமல் ஒருவர் தட்டி, உள்ளே போய் உட்கார்ந்து, நான் அறியாத ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவர் செய்தது சரிதான் என்பது எரிச்சலை அதிகமாக்கியதே தவிர குறைக்கவில்லை.

குரல் அவருக்குப் போனது, தமிழும் ஆங்கிலமும் இரண்டுமே. எழுத்து வேலை எனக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் காரணம் தெரிந்துவிடும் என்று வாங்கிக்கொண்டேன்.

அதை ஒரு வெறியோடு செய்தேன். தமிழில் ஒரு முழு வரிசை, ஆங்கிலத்தில் ஒன்று. வேண்டியதைப் பிள்ளைகள் தேர்ந்துகொள்ளலாம். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் கூடாது. படித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். ஆசிரியர் விடையைச் சொல்லும்முன் விடை எழுத்தில் வந்துவிடக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பேசுபவரின் முகம் திரையில் தெரியாத இடங்களில் மட்டும் "மாணவி" என்று போட்டேன். ஓரிடத்தில் ஆசிரியர் பேச்சை நிறுத்தி மேலே பார்ப்பார், பிள்ளைகள் சிரிப்பார்கள். மலையில் திடீரென்று பிடித்த மழை தகரக் கூரையில் இறங்கி அவர் பேச்சை முழுங்கிவிட்டது. காது கேளாத பிள்ளைக்கு அவர் ஏன் மேலே பார்க்கிறார் என்று எப்படித் தெரியும்? அடைப்புக்குறிக்குள் எழுதினேன்: "தகரக் கூரையில் பலத்த மழை."

வீடியோ முடிந்து வந்ததும் என் மகள் அதை என் போனில் திரும்பத் திரும்பப் போட்டாள். நான் அடுக்களையில் இருந்தாலும் ஆங்கில டீச்சர் என் வீட்டுக் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குச் சோறு அடிபிடித்தது. எங்கள் இரண்டு பேர் உழைப்பும் ஒரே வீடியோவில் இருக்கிறது. அவருடையது முழுவதும் என் மகளுக்குக் கிடைக்கிறது. என்னுடையதில் ஒரு எழுத்துகூட அவளுக்குக் கிடைக்காது.

ஒரு நாள் அவளே கேட்டாள். "உன்னுது எங்க வருதும்மா?"

"கீழ எழுத்தா ஓடுது."

"படி, கேக்கலாம்."

பக்கத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஆசிரியர் சொல்வதையே நானும் சொன்னேன். நடுவில் ஆங்கில டீச்சரின் குரல் வந்து எங்கள் இரண்டு பேர் மேலும் ஏறியது.

"ஐயோ, ஒரே இரைச்சலா இருக்கு. நிறுத்தி நிறுத்திப் படி."

நிறுத்தி நிறுத்திப் படித்தேன். மழை வந்த இடம் வந்தது. என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த வரி. குரலைச் சரிசெய்துகொண்டு படித்தேன். "தகரக் கூரையில் பலத்த மழை."

அவள் சிரித்தாள். "அது எனக்கே கேக்குதேம்மா."

"உனக்கு இல்ல. கேக்காத புள்ளைங்களுக்கு."

"ம்." "அவங்கள்ல யாரையாச்சும் கேட்டியா, புரியுதான்னு?"

இல்லை, யாரையும் கேட்கவில்லை. நான் வீடியோவை ஓடவிட்டேன். திங்கட்கிழமை வள மையத்துக்குக் காது கேளாத பிள்ளைகள் வருவார்கள். கேட்கத்தான் வேண்டும். ஆங்கில டீச்சர் முந்திக்கொள்ளும்முன்.