சுடுதண்ணியில் போட்ட சுவெட்டர்

எண்பதுகளில் நுவரெலியாவில் ஒரு டிரைகிளீனிங் கடையில் உடுப்பு வாங்கி வைக்கும் வேலை எனக்கு. என் புருஷனின் அக்கா ஒருநாள், எங்கள் கடையில் வெளுத்து வாங்கிப்போன தன் புருஷனின் சுவெட்டரைத் தூக்கி மேசையில் எறிந்தாள்.

"மெஷின்லயே போடாம குடுத்துட்டியா? தேத்தண்ணிக் கறை அப்படியே இருக்கு, வேர்வை நாத்தமும் போகல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"மெஷின்ல ஊத்துறது தண்ணி இல்ல மதினி. அந்த மருந்து எண்ணெய்ப் பிசுக்கைத்தான் எடுக்கும். கழுத்துல தலையெண்ணெய் போயிருக்கா, பாருங்க. சீனித் தேத்தண்ணியும் வேர்வையும் தண்ணியிலதான் போகும். லேபல்ல டிரைகிளீன்னு இருந்தாலும் இது உள்துணி இல்லாத வெறும் கம்பளி. பச்சத்தண்ணியில லேசான சோப்பு போட்டு அமுக்கி எடுங்க. முறுக்காதீங்க, தொங்கப்போடாதீங்க, துண்டு மேல விரிச்சுக் காயவைங்க. அண்ணனோட கோட்டை மட்டும் நனைச்சிராதீங்க, உள்துணி சுருங்கி கோட்டே கோணிக்கும்."

"எனக்கே துவைக்கச் சொல்லிக் குடுக்குறியா?" என்று முறைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் அதே சுவெட்டர் திரும்பி வந்தது. கெட்டியாகி, சின்னப்பிள்ளை போடுகிற அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"பொறாமை புடிச்சவ! வேணும்னே தப்பாச் சொல்லிக் கெடுத்துட்ட!"

"பச்சத்தண்ணியிலயா போட்டீங்க?"

"இந்தக் குளிர்ல எவடி பச்சத்தண்ணியில கை வைப்பா? கொதிக்க வச்சுதான் கசக்கினேன்."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சுவெட்டரை மடித்து அவள் கையிலேயே திணித்தேன்.

"உங்க கை குளிரக்கூடாதுன்னு அண்ணனைக் குளிர்ல நிக்க வச்சிட்டீங்களே மதினி."