ஐந்து பேர் என்று நான்தான் சொன்னேன்

நம்பினால் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. அன்று அங்கே முப்பது பேர் இருந்தார்கள். என் வாயிலிருந்து வந்த வார்த்தையை முப்பது பேரும் கேட்டார்கள். நான் கண்டதை மட்டும் வேறு யாரும் காணவில்லை.

எங்களுடையது மீன்பிடிக் குடும்பம். தம்பி கடலுக்குப் போவான். நான் கரையில் ஐஸ், ஏலம், டீசல் எல்லாம் பார்ப்பேன். பழைய படகு ஓட்டையாகிவிட்டதால் புதிய மரப்படகு கட்டக் கொடுத்தோம். படகு கட்டுகிறவரை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று மாதத்தில் தருகிறேன் என்றவர் ஆறு மாதம் இழுத்தார். நடுவில் இருபத்து மூன்று நாள் பட்டறையையே பூட்டி வைத்தார். கேட்டால், "மரம் வரலை." அவ்வளவுதான். மரம் கொல்லையில் அடுக்கிக் கிடந்ததை நானே வேலி இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

அப்பாவுக்கும் அவருக்கும் வாய்த்தகராறு முற்றி, கை கலக்கும் அளவுக்குப் போனது. "இனி அவன் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் படகு இறக்கும் நாளில் வாழ்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் குடும்பத்தில் அந்த வாழ்த்துக்கு ஒரு முறை இருக்கிறது. படகு தண்ணீரில் இறங்கும் முன், வாழ்த்துச் சொல்கிறவர் ஏணி வைத்துப் படகில் ஏறவேண்டும். அதில் போகப்போகிற ஒவ்வொருவரின் தோளையும் தொட்டு எண்ண வேண்டும். பிறகு டம்ளரை உயர்த்தி, படகில் கைவைத்த எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும். தச்சர், ஆணி அடித்தவர், பெயின்ட் அடித்தவர், ஒருவர் விடாமல். கடைசியில், "இத்தனை பேர் போகிறார்கள், இத்தனை பேரும் திரும்பட்டும்." முதல் வாயைப் படகின் முன்முனையான மூக்குப் பலகையில் ஊற்றிவிட்டு எல்லோரும் குடிக்க வேண்டும்.

கண்ணால் எண்ணக்கூடாது. தொட்டுத்தான் எண்ண வேண்டும். ஏன் என்று நான் கேட்டதில்லை. அப்பா சொன்னதும் இல்லை.

அன்று மாலை 6:50-க்கு நீர் முழுசாக ஏறும் என்று கணக்கு. ஏறிய தண்ணீர் பத்துப் பதினைந்து நிமிடம்தான் நிற்கும். அதற்குள் இறக்காவிட்டால் படகின் அடி சேற்றில் குத்திவிடும். சரிவுப் பாதை நெடுக மிருகக் கொழுப்பு தடவியிருந்தார்கள். மரச் சட்டத் தொட்டிலில் படகு உட்கார்ந்திருந்தது. பக்க முட்டுகளை எடுத்தாயிற்று. தொட்டில் நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தவை இரண்டு ஆப்புகள் மட்டும்.

6:35. தம்பியும் ஆட்களும் மேலே ஏறிவிட்டார்கள். இறங்கும்போது கயிறு பிடிக்கவும், அடித்தட்டில் கசிவு பார்க்கவும் ஆள் வேண்டும். நான் ஏணிக்குப் போனேன். ஏணியின் மேல்படியில் மேஸ்திரி நின்று கை நீட்டினார்.

"வாங்கம்மா. தொட்டு எண்ணணும்ல."

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இருபத்து மூன்று நாள் கதவைத் திறக்காத கை. அதைப் பிடித்துக்கொண்டா நான் ஏறுவது?

"தேவையில்ல. இங்கிருந்தே தெரியுது."

"இல்லம்மா, ஏறிடுங்க. இன்னைக்காவது..."

"ஆறு மாசம் நாங்க காத்திருந்தோம். நீங்க ரெண்டு நிமிஷம் சும்மா நில்லுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் இறங்கி வந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நல்ல திருப்தி.

சூரியன் படகுக்குப் பின்னால் இருந்தது. மேல்தட்டில் நின்றவர்கள் கறுப்பு உருவங்களாகத்தான் தெரிந்தார்கள். எண்ணினேன். நடுவில் தம்பி. பக்கத்தில் அவன் கூட்டாளி நெட்டையன். இஞ்சின் பெட்டிக்கு அருகே மெக்கானிக். கயிற்றோடு குண்டன். மூக்குப் பக்கம் இன்னொருவர், உட்கார்ந்தபடி, கடலுக்கு முதுகு காட்டி.

ஐந்து.

இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்று தம்பி ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தான். கிடைத்துவிட்டான் போல என்று நினைத்தேன்.

6:40. டம்ளரை உயர்த்தினேன். மேஸ்திரி எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துப் படித்தேன். தச்சர்கள் மூவருக்கு நன்றி. ஆணி அடித்தவருக்கு நன்றி. பெயின்ட் அடித்தவருக்கு நன்றி. அதோடு சீட்டு முடிந்துவிட்டது. பலகை இடுக்குகளில் பஞ்சு அடித்து அடைப்பவர் இல்லாமல் மரப்படகே கிடையாது. அவரைச் சீட்டில் காணோம். எனக்கு உடனே தெரிந்தது. ஆனால் கேட்கவில்லை. மேஸ்திரி தன் ஆளையே விட்டுவிட்டால் அது அவருக்குத்தான் அவமானம், எனக்கென்ன?

"மேஸ்திரிக்கும் நன்றி," என்றேன். "தாமதமா முடிச்சாலும், முடிச்சாரே."

மறுபடி சிரிப்பு. அவர் தலை நிமிரவில்லை.

"ஐந்து பேர் போகிறார்கள். ஐந்து பேரும் திரும்பட்டும்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"நாலு பேரும்மா."

"நான் எண்ணினேன்."

"நாலுதான். மாத்திச் சொல்லுங்க... தயவுசெஞ்சு, மாத்திச் சொல்லுங்க."

என்னை எல்லோர் முன்னாலும் திருத்துகிறார் என்று எனக்குக் கோபம். மூக்குப் பலகையில் முதல் வாயை ஊற்றினேன். மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்தேன். எல்லோரும் குடித்தார்கள்.

மணி 6:42.

படகின் உள்ளிருந்து ஒரு சத்தம்.

டொக்... டொக்... டங்.

மெதுவாக இரண்டு. பலமாக ஒன்று.

இடுக்கில் பஞ்சை இறுக்கும் அடி அது. படகுத்துறையில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

"உள்ள யாரு?" என்று கத்தினேன்.

"யாருமில்லக்கா," என்றான் தம்பி மேலிருந்து. அவன் பக்கத்தில் நெட்டையன். மெக்கானிக். குண்டன்.

நாலு பேர்.

மூக்குப் பக்கம் காலி.

டொக்... டொக்... டங்.

"நேரமாச்சு!" என்று அப்பா நாற்காலியிலிருந்து அதட்டினார். மேஸ்திரி ஆப்பை அடிக்கவில்லை. சுத்தியலைப் பிடித்தபடி மூக்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தச்சர் ஒருவர் அதைப் பிடுங்கி அடித்தார். 6:51-க்குப் படகு சறுக்கியது. கொழுப்பு புகைந்தது. தண்ணீரில் விழுந்து, ஒருமுறை குனிந்து, நிமிர்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் தட்டவில்லை.

தம்பி ஒரு சுற்று வெள்ளோட்டம் போய் 7:45-க்குத் திரும்பினான். முகமெல்லாம் பல். "அருமையா ஓடுதுக்கா. புது மரம் ஊறுற வரைக்கும் எல்லா இடுக்குலயும் கசியுது, அது சரி. மூக்குல இடப்பக்கம் மட்டும் ஒரு சொட்டு இல்ல. காஞ்சு கெடக்கு."

துறைமுக வாயிலில் ஒரு காவல் அறை உண்டு. போகும் படகில் எத்தனை தலை, வரும் படகில் எத்தனை தலை என்று அங்கிருக்கும் காவல்காரர் நோட்டில் எழுதுவார். யாராவது குறைந்தால் உடனே தேட வேண்டுமே, அதற்குத்தான். மறுநாள் போய்ப் பார்த்தேன்.

போனது ஐந்து. வந்தது ஐந்து.

"நாலு பேர்தாண்ணே போனாங்க," என்றேன்.

"எண்ணுறதுதாம்மா என் பொழப்பு. விளக்கடிச்சு, பைனாகுலர் வச்சுப் பாத்தேன். அஞ்சு."

தம்பியிடம் சொன்னேன். "அவருக்குக் கண்ணாடி மாத்தணும்க்கா," என்று சிரித்தான். ஐந்தாவது ஆள் அவனுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. வருகிறேன் என்றவர்கள் எல்லாம் படகை ஒருமுறை பார்த்துவிட்டுக் கழன்றுகொண்டார்கள்.

எட்டு மாதம் மீனுக்குக் குறையில்லை. தம்பி போகும் ஒவ்வொரு நாளும் எனக்குச் சோறு இறங்காது. நோட்டில் ஒவ்வொரு நாளும் அதே எண். திரும்பி வருகிறானே, வரட்டும், எண் எதுவாக இருந்தால் என்ன என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஒன்பதாம் மாதம், ஒரு விடியற்காலை.

5:20-க்குப் படகு வந்தது.

நெட்டையன் இறங்கினான். மெக்கானிக். குண்டன்.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"வலை இழுக்கும்போது... அலை தூக்கிருச்சுக்கா..." என்று நெட்டையன் தரையில் உட்கார்ந்து அழுதான். "மூக்குல நின்னான். திரும்பிப் பாத்தேன். இல்ல."

மூன்று நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. என் தம்பிக்கு இருபத்தெட்டு வயது.

நான்காம் நாள் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். வாசலைத் தாண்டவில்லை. அப்பா அவரை விரட்டவும் இல்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை.

"மரம் வந்திருந்துச்சும்மா," என்றார். "பஞ்சு அடிக்கிறவன் மூக்குக்கு அடியில படுத்து அடிச்சிட்டு இருந்தான். இடப்பக்கம். முட்டு நழுவிருச்சு. படகு அவன் மேல உக்காந்துருச்சு. வெளிய தெரிஞ்சா பட்டறை போயிரும்னு மூடி மறைச்சேன். அவனுக்கு வீடு வாசல்னு யாருமில்ல. அதான் சீட்டுல எழுதல. எழுதுனா, ஆள் எங்கன்னு கேப்பீங்க."

"என்னைய ஏன் ஏறச் சொன்னீங்க?"

"அன்னைக்குக் காலையிலயே அவன படகு மேல பாத்தேன். தொட்டு எண்ணுனா நாலுதான் வரும். அவனத் தொட முடியாதுல்ல. அஞ்சுன்னு வாழ்த்திட்டா அவனும் படகு ஆளாயிருவான்."

அவரைக் கல்லால் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. அந்தக் கல்லில் பாதி என் மேல் விழ வேண்டியது.

அங்கிருந்து நேராகக் காவல் அறைக்கு நடந்தேன். தம்பி வராத அந்த விடியலின் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். காவல்காரர் தயங்கினார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

போனது ஐந்து. வந்தது ஐந்து.

"யாரு யாருண்ணே?"

"பின்னாடி மூணு பேர் நின்னாங்க. அழுதுட்டு இருந்தாங்க, ஏன்னு எனக்கு அப்பத் தெரியாது." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எப்பவும் மூக்குல ஒருத்தன் உக்காந்திருப்பான்மா. கடலுக்கு முதுகு காட்டி, இடது கையில பஞ்சு அடிக்கிற மரச் சுத்தி, கொட்டாப்புளியோட. மொத நாள்லேருந்து பாக்குறேன்."

"அன்னைக்கு?"

"அன்னைக்கு ரெண்டு பேர் உக்காந்திருந்தாங்க."

படகு இப்போது கரையில் கிடக்கிறது. அதை யாரும் வாங்க மாட்டார்கள். உடைத்துவிடலாம் என்று அப்பா கோடரியோடு போன அன்று, நான் குறுக்கே நின்று தடுத்தேன். உள்ளே இருப்பது என் தம்பி.