டூட்டி ரூமில் என் வாய்க்குத் தடை

என் மகள் திருவொற்றியூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சி நர்ஸ். நேற்றிரவு அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொண்டுபோனவன், சும்மா வராமல், "இன்னாம்மா, கூட்டமே இல்லாம கீது?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"ஐயோ நைனா! நைட் டூட்டில அத சொல்லக்கூடாது! சொன்னா கூட்டம் வந்துடும்!" என்று அலறினாள்.

நான் கிளம்புவதற்குள் இரண்டு ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

காலையில் அழைத்துவரப் போனேன். வந்தவர்களில் ஒரு பெரியவர் பிழைக்கவில்லை. டூட்டி ரூமில் மகள், "இன்னும் கொஞ்ச நேரம் நெஞ்ச அழுத்தியிருக்கணும். இனிமே நான் வேலைக்கு வரல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரியவர் வீட்டு ஆட்கள் போய்விட்டார்களா என்று எட்டிப் பார்த்த, இரவெல்லாம் அவளோடு டூட்டியில் இருந்த டாக்டரம்மா, கதவைச் சாத்தினார்.

"நாப்பது நிமிஷம் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அழுத்தினோமேம்மா. உன் தப்பு இல்ல. சாவுக்குக் காரணம், நர்ஸோட அப்பா வாய்னு எழுதிடட்டா?"

மகள் குபீரென்று சிரித்தாள். அப்புறம்தான் அழுகையே வந்தது. முகம் கழுவிவிட்டு, பைக்கில் ஏறியதும், "நைட்டுக்கு இன்னா கொழம்பு?" என்றாள்.

இன்றிரவும் போகிறாள். நான்தான் சாப்பாட்டை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் திரும்ப வேண்டுமாம்.

உங்கள் வேலையில் சொல்லக்கூடாதது எது? முன்னாடியே சொல்லிவிடுங்கள். அங்கேயும் வந்து சொல்லித் தொலைப்பேன்.