விஜிலாவின் முதல் வரி

தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் உள்ள புத்தகக் கடையில் இசக்கித்தாய் பல வருடமாக வேலை பார்த்தாள். கடைக்கு யூடியூப் சேனல் தொடங்கி, ஷார்ட்ஸ் என்ற குட்டி வீடியோக்கள் போட ஆரம்பித்தவளும் அவள்தான். அட்டையைக் காட்டுவாள், எழுத்தாளர் பெயர் சொல்வாள், பிறகு கதைச் சுருக்கம். நூறு பேர் பார்த்தாலே அதிகம்.

அவள் காய்ச்சலில் கிடந்த வாரம், கடையில் புதிதாகச் சேர்ந்த விஜிலா ஒரு வீடியோ எடுத்துப் போட்டாள். விஜிலாவின் கணவன் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன். வீடியோவில் முதலில் புத்தகமே இல்லை, அவள் முகம்தான்.

"கப்பல்லருந்து அவுக வந்து மூணாம் நாளே சண்டையா? இத்தன மாசமும் வீட்டுல நீங்க தனியா முடிவெடுத்திய. இப்ப ரெண்டு பேரு. மொத வாரம் யாரு எதப் பாத்துக்கிடணும்னு எப்படிப் பேசிக்கிடதுன்னு இதுல இருக்கு."

கடைசியில்தான் அட்டையைக் காட்டினாள். கடற்கரைத் தெருப் பெண்கள் கடைக்கு வந்து, "அந்த மூணாம் நாள் சண்ட புஸ்தகம் இருக்கா?" என்று கேட்டார்கள். பார்த்தவர்கள் அரை லட்சத்தைத் தாண்டினார்கள்.

காய்ச்சல் விட்டுத் திரும்பிய இசக்கித்தாய்க்கு அது பொறுக்கவில்லை. தன் வீடியோக்களை எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். எழுத்தாளர் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே பாதிப் பேர் நகர்ந்துவிட்டிருந்தார்கள்.

'பார்க்கிறவர் வீட்டுப் பிரச்சினையில் தொடங்கணும், இவ்வளவுதானா வித்தை' என்று நினைத்து, பாதி மட்டுமே படித்திருந்த ஒரு சிறுவர் நூலை எடுத்துக்கொண்டாள். "புள்ள செல்போன கீழ வைக்க மாட்டேங்கானா?" என்று ஆரம்பித்தாள். வீடியோ ஓடியது, புத்தகமும் விற்றது. ஆனால் வாங்கிப் போன ஒரு தாய் திரும்பி வந்தாள்.

"இதுல ராசா கத தான இருக்கு? எம்புள்ள இன்னும் போனத்தான் நோண்டுதான்."

கடைக்காரர் ஜெயகணேஷ் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். விஜிலா சிரிக்கவில்லை. அதுதான் இசக்கித்தாயை இன்னும் எரித்தது.

அடுத்து இசக்கித்தாய் எடுத்தது, மூன்று முறை படித்திருந்த ஒரு மெல்லிய புத்தகம்.

"கூட வேல பாக்குதவளுக்கு நல்லது நடந்தா ஒங்களுக்கு வயிறு எரியுதா? எனக்கு எரியுது. அவகிட்ட இருக்கதுல ஒனக்கு நெசமா எது வேணும்னு மொதல்ல ஒன்னையே கேளுன்னு இந்தப் புஸ்தகம் சொல்லுது. எனக்கு அவ தெறமதான் வேணும். அவ தோக்கணும்னு இல்ல."

மறுநாள் விஜிலா போனோடு வந்து நின்றாள். "அக்கா, இது நானா?"

"ஆமா."

விஜிலா வீடியோவை இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு, "மொத வரி நல்லா இருக்குக்கா" என்றாள். தன் யூடியூப் பக்கத்தில் அதைப் பகிர்ந்தும் விட்டாள்.

சாயங்காலத்துக்குள் கடையிலிருந்த பிரதிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. கமெண்டில் பாதிப் பேர் எழுதியிருந்தார்கள்: 'விஜிலா அக்கா சொல்லித்தான் வந்தேன்.'

இசக்கித்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள்.