ஜோடி இல்லாத இடம்

எங்கள் ஊர் பூண்டியில் செல்போன் சிக்னல் நிற்காது. அதனால் வேலைக்கான வீடியோ நேர்காணலுக்குக் கொடைக்கானலில் ஒரு காபிக்கடை மூலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன்.

கேள்வி கேட்ட பெண் திரையில் 4, 1, 3, 2 என்று போட்டார். முதல் இடமும் மூன்றாம் இடமும் எண்களை மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவதும் நான்காவதும் மாற்றிக்கொள்ளலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முன்னிடங்களில் முடிந்தவரை சிறிய எண்கள் வர வேண்டும்.

ஒன்றோடொன்று மாறக்கூடிய இடங்களைக் குழுவாக்கும் ‘யூனியன் ஃபைண்ட்’ நிரலை எழுதினேன். மூன்றாம் இடத்தின் வழியாக முதல் இடமும் நான்காம் இடமும் அதோடு ஒரே குழுவாகின. அந்தக் குழுவின் எண்களை வரிசைப்படுத்தி அதே இடங்களில் போட்டேன்: 2, 1, 3, 4.

“ஒண்ணுதானே சின்னது, அது ஏன் முன்னால வரல?”

“அது நிக்கிற ரெண்டாவது இடத்துக்கு எதோடயும் ஜோடி இல்லீங்க. அது அங்கனயேதான் கெடக்கும்.”

“கரெக்ட்,” என்றார்.

மதியமே மெயில் வந்தது. உள்ளே வேலை பார்ப்பவர் சிபாரிசு செய்த ஆளை நேற்றே எடுத்துவிட்டார்களாம். பிறகு என்ன எழவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள்? லேப்டாப்பை அறைந்து மூடினேன்.

சாயங்காலம் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பூண்டு மூட்டையோடு நின்ற அப்பா, “போன சோலி என்னாச்சுப்பா?” என்றார்.

“எல்லாத்துக்கும் சரியாச் சொன்னேம்ப்பா.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்ப அந்த வேல ஒனக்குத்தேன்.”